வேளாண்மைப் பட்டயப் படிப்பு, முதலாம் ஆண்டு: மண், பருவம், பாசனம் உள்தேர்வு

நேரம்: 1½ மணி. மதிப்பெண்: 50

மாணவர்களுக்கு: முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்க மட்டும். கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுதுங்கள். "வண்டல் மண், நெல்" என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். வீட்டில், வயலில் பார்த்ததை உங்கள் ஊர்ச் சொல்லிலேயே எழுதலாம். சரியாக இருந்தால் முழு மதிப்பெண் உண்டு.

1. ஈர மண்ணை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறீர்கள். ஒன்று நெறநெறவென்று உதிர்கிறது. மற்றொன்று ஒட்டிக்கொண்டு நாடா போல நீள்கிறது. இரண்டில் எதற்கு அடிக்கடி தண்ணீர் விட வேண்டும், ஏன்? (4)

2. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது எது? நீலகிரியின் அமில மண்ணில் தேயிலை நன்றாக வருகிறது. அதே மண்ணில் மலைக்காய்கறி போடுபவர் சுண்ணாம்பு இடுகிறார். காரணம் என்ன? (4)

3. கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசலில் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. மழை பெய்ததும் அதே நிலம் சேறாகி, ஏர் இறங்காது.
அ) இந்த வெடிப்புக்கு மண்ணில் உள்ள எந்தக் களிமண் கனிமம் காரணம்? (2)
ஆ) அங்குள்ள மானாவாரி விவசாயிகள் பருவமழைக்கு முன்பே உலர்ந்த மண்ணில் பருத்தியும் சோளமும் விதைப்பதன் பயன் என்ன? (4)

4. இரண்டு வயல்களின் மண் பரிசோதனை முடிவு கீழே உள்ளது.
முதல் வயல்: கார அமில நிலை 8.1, மின்கடத்துதிறன் மீட்டருக்கு 5.2 டெசிசீமன், பரிமாற்ற சோடியம் 9 சதவீதம், மண்மேல் வெள்ளைப் பூப்பு.
இரண்டாம் வயல்: கார அமில நிலை 9.4, மின்கடத்துதிறன் 1.1, பரிமாற்ற சோடியம் 24 சதவீதம், தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்குகிறது.
எது உவர், எது களர்? ஒன்றுக்கு ஜிப்சம் வேண்டும், மற்றதற்கு நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே போதும். எதற்கு எது? களர் வயலில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது எப்படி உதவுகிறது? (8)
(போன தேர்வில் பலர் மாற்றி எழுதிய இடம் இது. ஜிப்சத்தை மாற்றிப் போட்டால் அந்த விவசாயிக்குப் பணமும் போகும், பருவமும் போகும். நிதானமாக எழுதுங்கள்.)

5. மன்னார்குடிப் பக்கம் கடைமடையில் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் வண்டல் நிலம். போர்வெல் கிடையாது, ஆற்றுத் தண்ணீரே கதி. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தும், இவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தபோது ஜூலை 20 ஆகிவிட்டது. அன்றே 110 நாள் குறுவை ரகமான ஏ.டி.டி. 36-ஐ நாற்றங்காலில் விதைக்கலாம் என்கிறார் மகன். "வேண்டாம், ஆகஸ்ட் 20 வாக்கில் சி.ஆர். 1009 விதைத்து ஒரே போகமாகச் சம்பா எடுப்போம்" என்கிறார் அப்பா. அதன் வயதை 155 நாள் என்று கொள்ளுங்கள்.
அ) இரண்டுக்கும் அறுவடைத் தேதியைக் கணக்கிடுங்கள். (4)
ஆ) வடகிழக்குப் பருவமழையை மனத்தில் வைத்து, நீங்கள் யார் பக்கம் என்று எழுதுங்கள். மகன் பக்கம் நின்றாலும் நியாயம் வலுவாக இருந்தால் மதிப்பெண் குறையாது. (6)
இ) சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளிக்கிறார்கள். அந்த உளுந்து எந்த ஈரத்தில் வளர்கிறது? (3)

6. ஒரு ஏக்கர் (4,000 சதுர மீட்டர்) நிலக்கடலைக்கு 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். மோட்டார் மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கிறது. வாய்க்காலில் வீணாவதை விட்டுவிடுங்கள்.
அ) எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? படிகளைக் காட்டவும். (4)
ஆ) ஒரே ஒரு பாசனத்துக்குத்தான் தண்ணீர் மிச்சம் என்றால், விழுது இறங்கும் சமயம், அறுவடைக்கு முந்தின வாரம் இரண்டில் எப்போது விடுவீர்கள்? (3)

7. 1,200 வாழைக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறது. மரத்துக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர். ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 12 லிட்டர் வேண்டும். எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும், மொத்தம் எத்தனை லிட்டர் செலவாகும்? (3)

8. நெல் வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுகிறார்கள். இந்த முறையின் பெயர் என்ன? பூக்கும் தருணத்தில் மட்டும் ஏன் இப்படிக் காயவிடக் கூடாது? (5)