கொட்டேஷன் 214: பெரிய பெட்டி ரேட்ட நான் தப்பா போட்டுட்டேன், திருத்தினது இதோட இருக்கு

மேடம் வணக்கம். காலைல ரெண்டு தடவ கூப்டேன், மீட்டிங்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க, அதான் டைப் பண்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா பிஓ போடறதுக்கு முன்னாடி இத நீங்க பாத்தே ஆகணும்.

செவ்வாக்கெழம அனுப்பின கொட்டேஷன் 214ல ரெண்டாவது லைன், அஞ்சு பிளை பெரிய பெட்டி, 4,000 பீஸ். அதுக்கு 23.50ன்னு போட்ருக்கேன், 34.20ன்னு வந்திருக்கணும். சின்னப் பெட்டி 18.40, உள்ள வைக்கற தடுப்பு 6.25, இது ரெண்டும் சரி, அதுல எதுவும் மாறல.

எப்படி ஆச்சுன்னா, பெட்டி ரேட்டு எடைய வச்சுதான் போடறோம்னு உங்களுக்கே தெரியும். பெரிய பெட்டி ஒண்ணு 620 கிராம். நான் பழைய ஷீட்ட காப்பி பண்ணி அதுலயே டைப் பண்ணேன், அதே அளவுல மூணு பிளைல வேற யாருக்கோ போட்ட 426 கிராம் அப்படியே அந்த செல்ல உக்காந்துருச்சு. பேரு அஞ்சு பிளை, எடை மூணு பிளை. அனுப்பறதுக்கு முன்னாடி மொத்தத்த ஒரு தடவ பாத்தேன், 2,11,000ன்னு வந்துது, உங்க ஆர்டர் வழக்கமா அந்த ரேஞ்சுலதான் வரும்ங்கறதால உறுத்தவே இல்ல. இன்னிக்கு காலைல ரீல் புக் பண்ண உக்காந்தப்போதான் எங்க பிளானிங் பையன் "இந்த எடைக்கு பேப்பர் பத்தாதே"ன்னு கேட்டான். பாத்ததும் ஷீட்ட மூடி வச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்துட்டேன்.

என் பேச்ச மட்டும் நம்ப வேணாம் மேடம். போன லாட்ல வந்த பெரிய பெட்டி ஒண்ணு உங்க ஸ்டோர்ல கெடக்கும், தராசுல வச்சு பாருங்க, 620க்கு அஞ்சு பத்து கிராம் முன்ன பின்ன காட்டும். போன பில்லையும் எடுத்து பாருங்க, அதே பெட்டி 33.80க்கு வாங்கிருக்கீங்க. அதுல இருந்து திடீர்னு 23.50க்கு எறங்க காரணமே இல்ல, பேப்பர் வெல எங்கயும் அப்படி எறங்கல.

கொட்டேஷன் அடில பொடி எழுத்துல "பிழைகள் திருத்தத்திற்கு உட்பட்டவை"ன்னு ஒரு வரி இருக்கும். அத காட்டி நான் உங்ககிட்ட பேச வரல. நீங்க இந்த நம்பர நம்பி மேல அப்ரூவலுக்கு அனுப்பிருப்பீங்க, இப்ப போய் மாத்தணும்னா உங்களுக்குத்தான் சங்கடம், அது எனக்கு நல்லாவே புரியுது.

இன்னொன்னும் வெளிப்படையா சொல்லிடறேன். 23.50க்கு அஞ்சு பிளை பெட்டி பண்ணவே முடியாதுன்னு இல்ல. உள் பேப்பர்ல ஜிஎஸ்எம்ம கொறச்சு, லைனர ரெண்டாந்தரத்துல போட்டா எப்படியாவது கிட்ட கொண்டு வந்துடலாம், வெளிய பாத்தா வித்தியாசமும் தெரியாது. ஆனா நீங்க ஆறு அடுக்கு ஏத்தறீங்க, ஈரக் காத்துல ரெண்டு வாரம் குடோன்ல நின்னா அடிப் பெட்டி மூல மடங்கி உக்காந்துடும், அப்புறம் சரக்கு டேமேஜ்னு நீங்க எனக்கு போன் பண்ணுவீங்க. அந்த வேலைய நான் பண்ண மாட்டேன்.

அதனால இப்படி ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். பெரிய பெட்டில முதல் 1,000 பீஸ் நான் எழுதிக் குடுத்த 23.50க்கே தரேன், எழுதினது நான், அந்த நஷ்டம் என்னோடது. மிச்சம் 3,000 பீஸ் புது ரேட்டு 34.20 வேணாம், போன தடவ ரேட்டு 33.80 போடறேன். கணக்கு பாத்தா பெரிய பெட்டி 1,24,900, சின்னப் பெட்டி 92,000, தடுப்பு 25,000, மொத்தம் 2,41,900, டாக்ஸ் தனி. சரியான ரேட்டுல முழுசா போட்ருந்தா 2,53,800 வந்திருக்கும், அதுல 11,900 நான் ஏத்துக்கறேன். பழைய நம்பரோட பாத்தா உங்களுக்கு 30,900 கூடுது, அத மறைக்க ஒண்ணும் இல்ல. நாலாயிரத்தையும் 23.50க்கே குடுக்கணும்னு ஆசதான், ஆனா அந்த ரேட்டுல போட்ட பேப்பர் காசே திரும்பி வராது மேடம்.

இது உங்க பட்ஜெட்ல உக்காரலன்னா பெரிய பெட்டிய மட்டும் வேற இடத்துல விசாரிச்சுக்கோங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். அதுக்காக சின்னப் பெட்டி, தடுப்பு ரேட்ட ஏத்தவும் மாட்டேன். வேற இடத்துல கேக்கும்போது மட்டும் எடையும் ஜிஎஸ்எம்மும் எழுதி வாங்கிக்கோங்க, வெறும் "அஞ்சு பிளை"ன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு குடுப்பாங்க.

உங்க மேனேஜ்மெண்ட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும்ல, அதுக்கு நீங்க உக்காந்து எழுத வேணாம்னு கீழ ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், லெட்டர்ஹெட்ல சீல் போட்ட பிடிஎஃப்பும் இதோட இருக்கு, அப்படியே ஃபார்வர்ட் பண்ணிடுங்க:

"கொட்டேஷன் எண் 214இல் ஐந்து பிளை பெட்டியின் எடையை 620 கிராமுக்குப் பதிலாக 426 கிராம் எனத் தவறாகக் கணக்கிட்டதால் விலை குறைவாகக் குறிப்பிடப்பட்டது. இது முழுக்க எங்கள் தரப்பில் நேர்ந்த பிழை. தங்கள் கொள்முதல் பிரிவு அனுப்பிய விவரங்கள் அனைத்தும் சரியாகவே இருந்தன. கொட்டேஷன் 214 ரத்து செய்யப்படுகிறது. அதற்குப் பதிலாகத் திருத்தம் 1 அனுப்பப்பட்டுள்ளது. பெட்டியின் தரத்திலும் டெலிவரி தேதியிலும் மாற்றம் இல்லை. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இதுல ஏதாச்சும் வார்த்த மாத்தணும்னா சொல்லுங்க, மாத்தி சீல் போட்டு அரை மணி நேரத்துல அனுப்பிடறேன். யாராச்சும் நேர்ல கேக்கணும்னா நானே வந்து சொல்றேன், உங்கள முன்னாடி நிறுத்திட்டு நான் போன்ல இருக்கறது நல்லா இருக்காது.

இந்த தப்பு திரும்ப வராம இருக்க அந்த பழைய ஷீட்ட இன்னிக்கே தூக்கிட்டேன். இனிமே உங்களுக்கு வர்ற கொட்டேஷன்ல ஒவ்வொரு லைனுக்கும் பக்கத்துல பெட்டி எடையும் இருக்கும், ரிவிஷன் 1லயே போட்ருக்கேன் பாருங்க. நான் கோட்ட விட்டாலும் உங்க கண்ணுல படும்.

டெலிவரிக்கு வரேன். சின்னப் பெட்டிக்கும் தடுப்புக்கும் நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே மெஷின்ல ஏத்திடலாம். பெரிய பெட்டிக்கு வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள பதில் வந்தா 22ஆம் தேதி சொன்னபடி எறக்கிடுவேன். பிஓ ஏற்கனவே டைப் ஆகியிருந்தா அத அனுப்ப வேணாம், 214 ரிவிஷன் 1னு நம்பர் மாத்தி அனுப்புங்க, இல்லன்னா ரெண்டு அக்கவுண்ட்ஸும் பில் டயத்துல அடிச்சுக்கும்.

சாரி மேடம். மீட்டிங் முடிஞ்சதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, நானே கூப்டறேன். ஒரு சாம்பிள் பெட்டியும் எங்க டிரைவர்கிட்ட குடுத்து விட்ருக்கேன், மூணு மணிக்குள்ள உங்க கேட்டுக்கு வந்துடும், தராசுல வச்சு பாத்துடுங்க.