அறைப்பணிச் சொற்கள்: புதிதாகச் சேர்ந்துள்ள ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களுக்கு

காலையில் சூப்பர்வைசர் தரும் தாளில் ஒவ்வோர் அறை எண்ணுக்கு எதிரேயும் ஸ்டேஓவர் அல்லது டிபார்ச்சர் என்று எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகே ட்ராலியை நகர்த்துங்கள்; அறைக்குள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அந்தச் சொல்லைப் பொறுத்ததே.

ஸ்டேஓவர் என்றால் விருந்தினர் இன்றும் தங்குகிறார் என்று பொருள். அவர் நெல்லையப்பர் கோயிலுக்கோ குற்றாலத்துக்கோ போயிருக்கலாம். ஆனாலும் அறை அவருடையதுதான். படுக்கையைச் சரிசெய்து, குளியலறையைக் கழுவி, தண்ணீரும் சோப்பும் டவலும் வைத்துவிட்டு வர வேண்டும். குப்பைக்கூடைக்குள் கிடப்பது மட்டுமே குப்பை. மேசைமேல் இருக்கும் கசங்கிய சீட்டு, பாதி தின்ற அல்வாப் பொட்டலம், தாளில் மடித்த திருநீறு ஆகியவை நம் கண்ணுக்கு எப்படித் தோன்றினாலும் அவற்றை எறியும் உரிமை நமக்கு இல்லை. பணமோ நகையோ வெளியே கிடந்தால், தொடாமல் சூப்பர்வைசரை அழையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றால சீசனில் எண்ணெய்க் குளியல் முடித்து வருவோர் பயன்படுத்திய டவல்களைத் தனிப் பையில் போடுங்கள். மற்ற துணிகளோடு கலந்தால் எண்ணெய் அவற்றிலும் ஏறிவிடும்.

டிபார்ச்சர் என்றால் விருந்தினர் அறையைக் காலி செய்கிறார் என்று பொருள். தாளில் அப்படி இருந்தாலும் அவர் இன்னும் உள்ளே இருக்கக்கூடும் என்பதால், ஃப்ரண்ட் ஆபீஸில் செக்-அவுட் முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு, கதவைத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லிச் சற்றுப் பொறுத்து நுழையுங்கள். விரிப்பை உருவுவதற்கு முன் தலையணைக்கு அடியிலும், அலமாரியிலும், பிளக்கிலும், குளியலறைக் கதவின் பின்புறத்திலும் பாருங்கள். விரிப்போடு சுருண்டு லாண்டரிக்குப் போன மோதிரத்தையோ மூக்குக்கண்ணாடியையோ தேடிப் பிடிப்பது மிகவும் கடினம். கிடைத்த பொருளை அறை எண், தேதி, நேரத்துடன் உடனே ஒப்படையுங்கள். பிறகு, இரண்டு கட்டில்களில் ஒன்றில் யாரும் படுக்கவில்லை என்று தோன்றினாலும், இரண்டின் விரிப்புகளையும் உறைகளையும் மாற்றுங்கள். தூசியை மேலிருந்து கீழாகத் துடைத்து, கடைசியில் தரையைத் துடையுங்கள். விளக்கு, ஏசி, கீசர், ஃபிளஷ் எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். சூப்பர்வைசர் பார்த்துச் சரி என்ற பின்புதான் அந்த அறை அடுத்தவருக்குக் கொடுக்கப்படும்.

டர்ன்டவுன் மாலை ஆறு மணிக்கு மேல் செய்யும் சிறு பணி. நம் விடுதியில் அது சூட் அறைகளுக்கு மட்டும் உண்டு. மேல்விரிப்பை எடுத்து மடித்து வைத்து, விருந்தினர் படுக்கும் பக்கத்துப் போர்வை முனையை மடித்துவிட்டு, திரைகளை மூடி, படுக்கையருகே தண்ணீர் வைத்து, கொசுவிரட்டியைப் போட்டு, இரவு விளக்கு ஒன்றை மட்டும் எரியவிட்டு வர வேண்டும். அவர் உள்ளே இருந்து வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பணியானாலும், கதவில் தொந்தரவு செய்யாதீர் என்ற அட்டை தொங்கினால் தட்ட வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்கும் அது அப்படியே தொங்கினால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், அவர் தொலைபேசியில் விசாரிப்பார்.