பொருள்: குரல்வளை அழற்சி – செவ்வாய் முதல் வியாழன் வரை மருத்துவ விடுப்பு, பிறகு 4 நாள் போன் வேலையிலிருந்து விலக்கு

வணக்கம் சார்,

சனிக்கிழமையிலிருந்து சளி, தொண்டைக் கட்டு. இன்று காலை போனை எடுத்து "வணக்கம்" சொன்னால் காற்று மட்டும்தான் வந்தது. மதியம் அஸ்தம்பட்டியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். குரல் நாண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருக்கின்றன. வைரஸால் வந்தது என்பதால் ஆன்டிபயாடிக் தரவில்லை. ஆவி பிடிப்பது, நிறைய தண்ணீர், முக்கியமாக முழு மௌனம்.

கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாது, அடிக்கடி தொண்டையைச் செருமவும் கூடாது என்றார். வீங்கிய நாண்களை அதுவும் வருத்துமாம். இப்போது வலிந்து பேசினால் குரல் திரும்ப இன்னும் நாளாகும்.

அதனால் நாளை செவ்வாய் முதல் வியாழன் வரை 3 நாள் விடுப்பு வேண்டும். வெள்ளி முதல் திங்கள் வரை அலுவலகம் வருகிறேன். பில், ஸ்டாக் பதிவு, மெயில் எல்லாம் பார்க்கிறேன். போன் மட்டும் வேண்டாம் சார். ஏ.சி.க்கு நேர் கீழே உள்ள என் இருக்கையையும் மாற்றித் தந்தால் நல்லது, வறண்ட காற்று தொண்டையை உலர்த்துகிறது.

இந்தூர், நாக்பூர் ஜவ்வரிசி ஆர்டர் அழைப்புகளை ரேவதி அக்கா எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தூருக்கு 200 மூட்டை புதன் காலை லாரி ஏற வேண்டும். விலை முடிந்துவிட்டது, இ-வே பில் மட்டும் பாக்கி. பைல் மேசையின் இடது டிராயரில் இருக்கிறது.

அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், உடனே பதில் போடுகிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கவிதா
ஆர்டர் பிரிவு, செவ்வாய்ப்பேட்டை