பொருள்: சேரும் தேதி தள்ளிப்போனது பற்றி – வெரிஃபிகேஷனில் எந்த ஆவணம் நிலுவை?

வணக்கம் மேடம்,

சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் பணிக்குத் தேர்வான செந்தில் எழுதுகிறேன். ஆஃபர் லெட்டரில் ஜூன் 16 அன்று சேர வேண்டும் என்று இருந்தது. அதை நம்பித்தான் நோட்டீஸ் காலத்தை முடித்து மே 30 அன்று பழைய வேலையிலிருந்து ரிலீவ் ஆனேன். நேற்று வந்த மெயிலிலோ, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் முடியவில்லை, புதிய தேதி பிறகு சொல்லப்படும் என்பதோடு சரி. காரணம் என்ன, என்னிடமிருந்து எது வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

போர்ட்டலில் பார்த்தேன். படிப்பு, முகவரி, அடையாளச் சான்று மூன்றும் முடிந்துவிட்டன. முந்தைய வேலை என்ற இடத்தில் மட்டும் "Insufficient" என்று நிற்கிறது. அதை அழுத்தினால் விவரம் திறக்கவில்லை, புதிதாக எதையும் பதிவேற்றவும் வழியில்லை. ஆவணம் போதவில்லை என்கிறார்களா, அல்லது நான் கொடுத்த தகவல் பொருந்தவில்லை என்கிறார்களா? இரண்டாவது என்றால், முடிவெடுக்கும் முன் விளக்கம் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புத் தரவேண்டும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த நிறுவனம் வேறொன்றுடன் இணைந்துவிட்டது. படிவத்தில் நான் கொடுத்த ஹெச்ஆர் மெயில் முகவரி இப்போது செயல்படாமல் இருக்கலாம். ஏஜென்சி அதற்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் பதில் வரப்போவதில்லை. பழைய மேனேஜரிடம் கேட்டு, இப்போது அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஹெச்ஆர் முகவரியை வாங்கி இணைத்திருக்கிறேன். அப்புறம், அந்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இதுதான் சிக்கல் என்றால் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதித் தருகிறேன்.

கடைசியாக வேலை பார்த்த இடத்தில் கணக்கு முடித்த பிறகுதான் ரிலீவிங் லெட்டர் தருவார்கள். அதுவரை ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலையும், கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஏற்பீர்களா? வேறு எது தேவை என்றாலும் ஆவணத்தின் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், அன்றே அனுப்பிவிடுகிறேன். ஏஜென்சியில் என் ஃபைலைப் பார்ப்பவரின் தொடர்பு கிடைத்தால் நேரடியாகவே பேசிவிடுவேன்.

இந்த வேலையில் சேரவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். வேறு இரண்டு நேர்காணல்களை இதற்காகவே வேண்டாம் என்று சொன்னேன். இப்போது சம்பளமும் இல்லை, தேதியும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. மீதிச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 16 அன்று சேர அனுமதிக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றால், தோராயமாகவாவது ஒரு புதிய தேதியையும், ஆஃபர் அதுவரை செல்லும் என்பதையும் மெயிலில் எழுதித் தாருங்கள்.

வியாழக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். போனில் பேசுவது வசதி என்றால் எந்த நேரமும் அழைக்கலாம்.

நன்றி மேடம்,
செந்தில்

இணைப்பு: ஹெச்ஆர் முகவரி, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், ராஜினாமா ஏற்பு மெயில், பே ஸ்லிப்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்