மடிப்பாக்கம் மளிகைக் கடை: கரண்ட், சரக்கு, ஆள் இல்லாத நாட்களில் கடை நடத்தும் திட்டம்

இது கடையில் இருக்கும் ஐந்து பேருக்கும்: நான், மச்சான், பில் போடும் அக்கா, தென்காசித் தம்பி, ஒடிசாத் தம்பி. ஒடிசாத் தம்பிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் அவர் வேலைக்கான பகுதியை மச்சான் நேரில் சொல்லிக் காட்ட வேண்டும்.

கடையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. எதைக் கைவிடுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டால், நெருக்கடியில் ஆளுக்கொரு பக்கம் ஓட வேண்டியதில்லை. நம் வரிசை இதுதான். காலை 5 மணியிலிருந்து 9.30 வரை பால், மாவு, ரொட்டி, முட்டை தெருவுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு அடுத்து அரிசி, பருப்பு, எண்ணெய். டோர் டெலிவரி மூன்றாவது. ஐஸ்கிரீம், சோப்பு வகைகள், விளம்பரச் சலுகைகள் கடைசி. காலைப் பால் வாங்க வருகிறவர்தான் மாதச் சாமானும் நம்மிடம் வாங்குகிறார். அவர் இரண்டு நாள் வேறு கடைக்குப் போனால் மாதச் சாமானும் அங்கே போய்விடும்.

யார் முடிவெடுப்பது: கடையில் நான் இருந்தால் நான். இல்லையென்றால் மச்சான். இரண்டு பேரும் இல்லையென்றால் பில் அக்கா. அக்கா ஐஸ்கிரீமைப் பாதி விலைக்குத் தள்ளினாலும், ஷட்டரை இறக்கினாலும், ஆட்டோ பிடித்துப் பால் எடுத்து வரச் சொன்னாலும் பிறகு நான் கேள்வி கேட்க மாட்டேன். 3,000 ரூபாய் வரை செலவுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

கரண்ட் போனால்

பராமரிப்புக்காக நிறுத்துவது பெரும்பாலும் காலை 9 மணி முதல் மதியம் 2 வரை. முந்தின நாளே செய்தித்தாளில் ஏரியா பெயரோடு வரும். தினமும் இரவு கடை மூடும்முன் அதைப் பார்ப்பது அக்காவின் வேலை. நம் தெரு இருந்தால் மறுநாள் மாவு 40 பாக்கெட்டுக்குப் பதில் 20 மட்டும் எடுக்க வேண்டும், பனீரும் தயிரும் பாதி. ஃப்ரீசரை இரவே நன்றாகக் குளிர விட வேண்டும்.

சொல்லாமல் போகும் கரண்ட்டுக்கு முதலில் எதிர்க்கடையைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால் நம்மிடம் ஒரு பேஸ் மட்டும் போயிருக்கும். மீட்டர் பக்கத்தில் இருக்கும் பேஸ் மாற்றும் சுவிட்சை மச்சானோ நானோ மட்டும் தொடலாம். தெரு முழுக்க இல்லையென்றால் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்து, கரண்ட் பில்லில் உள்ள இணைப்பு எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண் கல்லா மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. பெருக்கினால் 1,800 வாட் மணி வரும். ஆனால் முழுக்க உறிஞ்சினால் பேட்டரி கெட்டுவிடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். அதனால் கைக்கு வருவது சுமார் 1,150 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எல்இடி டியூப் 40 வாட், ஃபேன் 75, பில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் 120, இணையப் பெட்டியும் கேமராவும் 25. மொத்தம் 260. எல்லாம் ஓடினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கம்ப்யூட்டரை அணைத்தால் எட்டு மணி நேரம். ஃபேனையும் அணைத்தால் 17 மணி நேரத்துக்கு மேல் போகும். ஆகவே ஒரு மணி நேரம் கடந்தும் கரண்ட் வரவில்லையென்றால் கம்ப்யூட்டர் நிற்க வேண்டும், கையால் பில். பில் புத்தகமும் அச்சிட்ட விலைப் பட்டியலும் தராசுக்குக் கீழ் டிராயரில் இருக்கும். திங்கள்தோறும் புதுப் பட்டியல் அச்சடிக்க வேண்டும், பழைய விலையில் விற்றால் நட்டம் நமக்கு. கையால் போட்ட பில்களை அன்று இரவே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் இருப்புக் கணக்கு நாறிவிடும். தராசுக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது. தினமும் இரவு சார்ஜில் போட்டால் போதும்.

ஃப்ரீசரை இன்வெர்ட்டரில் செருகவே கூடாது. கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டை அது தாங்காது. கரண்ட் போனதும் ஃப்ரீசர் மேல் 'திறக்காதீர்கள்' அட்டையை வையுங்கள், ஐஸ்கிரீம் விற்பனை அத்தோடு நின்றது. நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் நெடுநேரம் குளிர் தாங்கும், பாதி காலியாக இருந்தால் சீக்கிரம் இளகும். அதனால் மழைக்காலத்தில் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பி வைக்கிறோம். மே மாதத்து மதியத்தில் புத்தகக் கணக்கை நம்பாதீர்கள், கையால் அழுத்திப் பாருங்கள். உருகியதை மறுபடி உறைய வைத்து விற்கக் கூடாது. தூக்கிப் போடும்முன் போட்டோ எடுத்து, எண்ணி எழுதி வையுங்கள்.

குளிர்பெட்டியில் பால், தயிர், பனீர், மாவுக்கு நாலு மணி நேரம்தான் கெடு. மூன்றாவது மணி நேரத்திலேயே தெரு வாட்ஸ்அப் குழுவில் விலை குறைத்துப் போட்டு விற்றுவிட வேண்டும். புளித்த மாவை 'தோசைக்கு நல்லா வரும்' என்று சொல்லி முழு விலைக்கு விற்பது நம் கடையில் கிடையாது.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும். பத்து நிமிடம் பொறுத்து ஃப்ரீசர், அப்புறம் குளிர்பெட்டி, அப்புறம் கம்ப்யூட்டர்.

பணம் வாங்குவது

கரண்ட் நெடுநேரம் இல்லையென்றால் செல்போன் டவரும் படுத்துவிடும், யுபிஐ நின்றுவிடும். அன்றைக்குச் சில்லறைதான் ராஜா. கல்லாவில் எப்போதும் 3,000 ரூபாய்க்குப் பத்து, இருபது நோட்டும் நாணயமும் தனிப் பையில் இருக்க வேண்டும், சாதாரண நாளில் அதைத் தொடக் கூடாது. தெரிந்த வீடுகளுக்கு 500 ரூபாய் வரை நோட்டில் எழுதிக் கொடுக்கலாம். 'அனுப்பிட்டேன், உங்களுக்குத்தான் வரல' என்பவர்களிடம் சண்டை வேண்டாம். பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு சாமானைக் கொடுங்கள். பெரும்பாலும் பணம் பிறகு வந்துவிடும்.

சரக்கு தாமதமானால்

பால் வண்டி 4.30-க்கு வரும். 5.15 வரை வராவிட்டால் தென்காசித் தம்பி டீலருக்கு போன் செய்ய வேண்டும். 5.45-க்கும் வரவில்லையென்றால் இரண்டாவது டீலரிடம் ஆட்டோவில் போய் 60 பாக்கெட் எடுத்து வர வேண்டும், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குப் போடும் அட்டைக்காரர்களுக்கு 6 மணிக்குள் செய்தி போக வேண்டும். பால் தாமதம் என்று சொன்னால் காத்திருப்பார்கள், சொல்லாமல் விட்டால் கோபம்தான்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை குளிர்பெட்டி தேவைப்படாத டெட்ரா பேக் பால் மூன்று பெட்டி, பால் பவுடர் ஒரு பெட்டி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேன் 15 கூடுதலாக இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதையும், பாலுக்கு ஊரே அலைந்ததையும் இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில், வீட்டுக்கு ஒரு பாக்கெட், அச்சிட்ட விலைக்கு ஒரு ரூபாய்கூட மேலே கிடையாது. அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இதே தெருவில்தான் நாம் நாளைக்கும் கடை வைத்திருக்கப் போகிறோம்.

அரிசி செங்குன்றத்திலிருந்து வருகிறது, 12 நாள் இருப்புக்குக் கீழே போனதும் ஆர்டர். பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய் பாரிமுனைப் பக்கம் எடுக்கிறோம், அதற்கு 8 நாள். வெங்காயம், தக்காளி, உருளை கோயம்பேட்டிலிருந்து ஒருநாள்விட்டு ஒருநாள். காய்கறிக்கு இருப்பு வைக்க முடியாது. லாரி வராத நாளில் வெங்காயமும் உருளையும் மட்டும் போதும், தக்காளி இல்லை என்று சிலேட்டில் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு முக்கிய சரக்குக்கும் இரண்டாவது வியாபாரி ஒருவர் இருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது அவரிடம் ஒரு மூட்டை வாங்கி ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். ஆபத்தில் மட்டும் போன் செய்பவனுக்கு எந்த வியாபாரியும் சரக்கு ஒதுக்க மாட்டான். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் பழைய பாக்கி எதுவும் நிற்கக் கூடாது. இன்னொன்று: மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக சேல்ஸ்மேன் தள்ளிவிடும் ஷாம்பு பெட்டிகளை 'இருப்பு' என்று கணக்கில் சேர்க்காதீர்கள். பருப்பு வாங்க வேண்டிய பணம் அங்கே போய் முடங்கும்.

ஆள் வராவிட்டால்

ஐந்து பேரில் நாலு பேர் இருந்தால் எதுவும் மாறாது. மூன்று பேர் என்றால் டெலிவரி மாலையில் ஒரே தடவை. இரண்டு பேர் என்றால் டெலிவரி இல்லை, மதியம் 1 முதல் 4 வரை கடை மூடல். ஒருவர் மட்டும் என்றால் ஷட்டர் பாதி திறந்து, வாசலிலேயே விற்பனை, காலை 10 மணியோடு சரி. தனி ஆள் மூட்டை இறக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது.

காய்ச்சல் என்றால் வராதீர்கள். காலை 4 மணிக்குள் ஒரு மிஸ்டு கால் போதும், மாதம் இரண்டு நாள் சம்பளம் பிடிக்க மாட்டேன். சொல்லாமல் நிற்பதுதான் கஷ்டம். தீபாவளி, பொங்கல், ஊர்க் கொடைக்கு எப்போது போகிறீர்கள் என்று ஒரு மாதம் முன்னால் நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். தம்பிகள் இருவரும் ஒரே வாரத்தில் போக முடியாது. யார் முதலில் எழுதினாரோ அவருக்கு.

ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். இப்போதைக்கு ஓட்டை இரண்டு: பில் மென்பொருள் அக்காவுக்கு மட்டும் தெரியும், கோயம்பேட்டுக் கொள்முதல் மச்சானுக்கு மட்டும் தெரியும். இந்த மாதத்துக்குள் தென்காசித் தம்பி பில் போடப் பழக வேண்டும், நான் இரண்டு தடவை மச்சானோடு மார்க்கெட் போகிறேன். ஷட்டர் சாவி இரண்டு செட்: ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம்.

மழையும் இதெல்லாம் சேர்ந்தும் வந்தால்

மழைக்காலத்தில் ரேக்கின் கடைசித் தட்டில் தண்ணீர் கேனும் பாட்டில் பானமும் மட்டும். சர்க்கரை, உப்பு, அப்பளம் மேலே. பேட்டரி இரண்டரை அடி ஸ்டாண்டில் இருக்கிறது, இறக்க வேண்டாம். தெருத் தண்ணீர் நம் முதல் படியைத் தொட்டால் கீழ்ச் சரக்கை ஏற்ற ஆரம்பியுங்கள். இரண்டாம் படியைத் தொடும்முன் மெயினை அணைத்து, கல்லா, பில் புத்தகம், பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் ஏறிய பிறகு மெயினைத் தொடவே வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். தெருமுனை பில்லர் பாக்ஸ் பக்கம் தண்ணீரில் நடக்கவே கூடாது, சுற்றி வாருங்கள். தண்ணீர் தேங்கினால் மாநகராட்சி எண் 1913. சரக்கு நனைந்தால் நனையட்டும்.

தண்ணீர் வடிந்ததும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடக் கூடாது. கடையைக் கழுவும்போதே வாசலில் மேஜை போட்டு, பால், ரொட்டி, மெழுகுவத்தி, கொசுவத்தி விற்கலாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் அரை மணி நேரம் மெயினை அணைத்து, கையால் பில் போட்டுப் பார்ப்போம். இந்தத் தாளின் ஒரு பிரதி கல்லா மூடியில், ஒன்று அக்கா வீட்டில், போட்டோ எல்லோர் போனிலும். வியாபாரி எண் எதுவும் மாறினால் அன்றைக்கே மூன்றிலும் மாற்றுவது மச்சான் பொறுப்பு.