மழை வருவதற்குள் அந்தக் குழியைத் திறப்போம்

(மேற்கு மாம்பலத்தில் ஓர் அரசுப் பள்ளி, செப்டம்பர் மாதத் திங்கட்கிழமைக் காலை வணக்கக் கூட்டம். பேசுபவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி.)

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அம்மா அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், சத்துணவுக் கூடத்து அக்காமார்களுக்கும், என் அன்பு நண்பர்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் காலை வணக்கம்.

தண்ணீரைச் சேமிப்போம் என்பது நாம் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிய தலைப்பு. சுவரில் எழுதியிருக்கிறோம், ஓவியப் போட்டியில் வரைந்திருக்கிறோம். அதனால் இன்று நம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற இரண்டே இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒன்று, சத்துணவுக் கூடத்துக்கு வெளியே இருக்கிற குழாய் வரிசை. இன்னொன்று, கலையரங்கத்துக்குப் பின்பக்கம், வேப்ப மரத்துக்கு அடியில் சிமெண்ட் மூடி போட்ட ஒரு குழி. அந்த மூடியில் உட்கார்ந்து நம்மில் பலர் அரட்டை அடித்திருக்கிறோம். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அது மழைநீர் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் அரசு சட்டம் கொண்டுவந்தது. மொட்டை மாடியில் விழுகிற மழை குழாய் வழியாக இறங்கி அந்தக் குழிக்கு வரும். உள்ளே கூழாங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். தண்ணீர் அதில் வடிகட்டி மண்ணுக்குள் இறங்கும். நாம் போர் போட்டு மோட்டாரில் இறைப்பது அந்த மண்ணுக்குள் இருக்கிற தண்ணீரைத்தான். போட்டால்தானே எடுக்க முடியும்?

போன வாரம் எங்கள் வகுப்பில் சில பேர் சேர்ந்து, அறிவியல் ஆசிரியர் உதவியோடு அந்த மூடியைத் திறந்து பார்த்தோம். மேலே ஒரு சாண் உயரத்துக்கு வேப்பிலைச் சருகு. அதற்குக் கீழே சிப்ஸ் பாக்கெட், சாக்லேட் காகிதம், ஐஸ்கிரீம் கப், ஒரு பிய்ந்த செருப்பு, இரண்டு கிரிக்கெட் பந்து. அதற்கும் கீழே மணல் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். மதிய உணவு இடைவேளை முடிகிற வரைக்கும் தண்ணீர் அப்படியே நின்றது. மழை பெய்தாலும் இதே கதைதான். குழி நிரம்பி வழியும், தண்ணீர் தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து சாக்கடைக்குப் போகும், அப்புறம் கடலுக்கு.

எவ்வளவு தண்ணீர் அப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்தக் கணக்கு ரொம்பச் சுலபம், ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் போடலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். நம் முதன்மைக் கட்டடத்தின் மொட்டை மாடியை டேப் வைத்து அளந்தோம். நீளம் 40 மீட்டர், அகலம் 10 மீட்டர். மொத்தம் 400 சதுர மீட்டர். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் நல்ல மழை, 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாடியில் மட்டும் 20 ஆயிரம் லிட்டர் விழுகிறது. 9 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி இரண்டு வந்து நின்றாலும் கொள்ளாது.

சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியென்றால் நம் மாடிக்கு மட்டும் வருடத்துக்கு 5 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். இதில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வழிந்து போகும், முழுவதும் மண்ணுக்குள் இறங்காது. அதைக் கழித்துப் பார்த்தாலும் சின்னத் தொகை இல்லை.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு 2019-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என் வயதுக்காரர்கள் அப்போது மூன்றாம் வகுப்பு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற முக்கியமான இந்த நான்கு ஏரிகளும் ஜூன் மாதம் வற்றிப்போயின. எங்கள் தெருவில் விடியற்காலையிலேயே குடங்கள் வரிசையில் நிற்கும். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று எல்லாம் பிளாஸ்டிக் குடங்கள். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயின்டால் வீட்டு எண் எழுதியிருக்கும். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போக வேண்டிய அம்மாக்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் குடத்தை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் முதல் அலசல், அந்தத் தண்ணீரிலேயே கழிப்பறை. குளிப்பதற்கு ஆளுக்கு அரை பக்கெட். நம்மில் பலர் வீட்டிலும் அதுதான் நடந்தது, கேட்டுப் பாருங்கள்.

ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வில்லிவாக்கத்துக்கு வந்த முதல் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அதாவது ஒரு வேகனுக்கு 50 ஆயிரம் லிட்டர். இப்போது நம் மாடிக் கணக்குக்கு வருவோம். 5 லட்சத்து 60 ஆயிரத்தை 50 ஆயிரத்தால் வகுத்தால் பதினொன்றுக்கு மேல் வருகிறது. ஊர் விட்டு ஊர் வந்த அந்த ரயிலில் பதினோரு வேகன் தண்ணீர், ஒவ்வொரு வருடமும், நம் தலைக்கு மேலேயே வந்து விழுகிறது. நாம் அதைச் சிப்ஸ் பாக்கெட் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம்.

சென்னையில் மழையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். 2015 டிசம்பரில் இதே ஊர் வெள்ளத்தில் மிதந்தது. படகில் ஆட்களை மீட்டார்கள். அதற்கு நான்கு வருடம்கூட ஆகாமல் ஏரிகள் வறண்டன. நம் ஊரில் மழை வருடம் முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில்தான் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதத்தில் பிடித்து வைத்ததுதான் அடுத்த கோடைக்கு.

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன. நாம் நிற்கிற இந்த மாம்பலத்திலேயே ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் லேக் வியூ ரோடு வழியாகத்தான் தினமும் பள்ளிக்கு வருகிறீர்கள். ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. ஏரி இருந்தவரைக்கும் மழைநீர் தங்குவதற்கு ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த வேலையை ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கிற இந்தச் சின்னக் குழிதான் செய்ய வேண்டும். அதையும் மூடிவிட்டால் எப்படி?

கிராமங்களில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஊரே கூடி ஏரியைத் தூர்வாரும், வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்யும், கரையைப் பலப்படுத்தும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். யாராவது வந்து செய்து தருவார்கள் என்று காத்திருக்கவில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். நம் பள்ளிக்கு ஏரி கிடையாது, குழி இருக்கிறது. வகுப்புக்கு இரண்டு பேர் வந்தால் போதும்.

சரி, இப்போது குழாய் வரிசைக்கு வருகிறேன். அங்கே எட்டுக் குழாய்கள். இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டும். அதற்குக் கீழே 200 மில்லி டம்ளர் ஒன்றை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் நிரம்பிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு 1.2 லிட்டர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர். ஞாயிற்றுக்கிழமையும் சொட்டும், பரீட்சை லீவிலும் சொட்டும். இதைச் சரிசெய்ய ஒரு வாஷர் போதும், ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

சொட்டுகிற குழாய் நம் தப்பு இல்லை என்று சொல்லலாம். ஆனால் திறந்துவிடுகிற குழாய் நம் கையில்தானே இருக்கிறது. தட்டுக் கழுவும்போது பாருங்கள். குழாயை முழுவதும் திறந்துவிட்டு, தட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நண்பனிடம் கதை பேசுகிறோம். அந்தக் குழாயை முழுவதும் திறந்தால் ஒரு லிட்டர் பாட்டில் எட்டு நொடியில் நிரம்புகிறது. இரண்டு நிமிடக் கதைக்கு 15 லிட்டர். 2019-இல் அரை பக்கெட்டில் குளித்தோமே, அதைவிட அதிகம். ஆகவே தட்டில் மிச்சம் இருப்பதை முதலில் கூடையில் தட்டிவிடுங்கள், அப்புறம் குழாயைப் பாதி திறங்கள், கழுவி முடித்ததும் மூடுங்கள். பின்னால் நிற்கிறவர் மூடிக்கொள்வார் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் ஒரு குழாய் வழியாக நல்ல தண்ணீர் வரும்போது இன்னொரு குழாய் வழியாகக் கழிவுத் தண்ணீர் சிங்க்கில் போய்க்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரைவிட அதுதான் அதிகம். அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விடுங்கள். குடிக்க முடியாது, உப்பு அதிகம், செடிக்கும் வேண்டாம். வாசல் கழுவ, கழிப்பறைக்கு ஊற்றத் தாராளமாகப் பயன்படும். அம்மாவிடம் சொன்னால் போதாது, பக்கெட்டை நீங்களே எடுத்து வையுங்கள்.

பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. தலைமை ஆசிரியர் அம்மாவிடம் அனுமதி கேட்டோம், உடனே கொடுத்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. மூன்றாவது குழாய்க்குப் புது வாஷர் இந்த வாரமே மாற்றித் தருவதாக உடற்கல்வி ஆசிரியர் ஐயா சொல்லியிருக்கிறார். குழியைச் சுத்தம் செய்யும் வேலை வரும் வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்தவுடன். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் மைதானத்தில் குப்பை பொறுக்குவார்கள், எட்டாம் வகுப்பு சருகை அள்ளும், மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவுவது ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பு. மொட்டை மாடியில் குழாய் வாயைச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஆசிரியர்களோடு பத்தாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் மட்டும், சின்னவர்கள் மேலே ஏற வேண்டாம். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, எல்லா வேலையும் மேலே நின்றபடிதான். வகுப்புக்கு இரண்டு பேர் பெயரை இன்று மதியத்துக்குள் என்னிடமோ எங்கள் வகுப்புத் தலைவனிடமோ கொடுத்துவிடுங்கள். பழைய உடுப்பு ஒன்று, வீட்டில் இருந்தால் ஒரு முறம் அல்லது தட்டு, இவற்றைக் கொண்டுவாருங்கள். முடிந்ததும் மறுபடியும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உள்ளே இறங்குகிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

நன்றி, வணக்கம்.