எக்கா, நேத்து சொல்லாம வந்துட்டேன்

எக்கா, நேத்து ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசாமலே கெளம்பி வந்துட்டேன், துட்டி வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா பொறப்படும்போதே நாலு வாட்டி சொல்லிவிட்டா, ஆனா நெசமாச் சொன்னா அதுக்காக இல்லக்கா, ஒங்க மொகத்தப் பாத்ததும் எனக்கு வாயே வரல. வாசப் பெஞ்சுல அண்ணங்கூட செத்த நேரம் சும்மா இருந்துட்டு அப்படியே பஸ்ஸேறிட்டேன். அதான் இப்ப டைப் பண்ணுதேன். இதுக்குப் பதில்லாம் போட வேணாம், எப்ப முடியுதோ அப்பப் படிங்க.

மனசே ஆறலக்கா. எனக்கு அவிய மொதல்ல ஒங்கப்பா கெடையாது, பாபநாசம் பஸ்ஸு கண்டக்டர். நான் கல்லிடைக்குறிச்சில இருந்து பாளையங்கோட்டைக்குக் காலேஜுக்கு வந்த காலத்துல பாதி நாள் அவிய பஸ்ஸுதான். சில்லற இல்லன்னா டிக்கெட்டுக்குப் பின்னால பேனாவால எழுதித் தருவாவல்லா, நம்ம அத எங்கியாது தொலச்சுட்டுத் தூங்கிருப்போம், டவுன் வாரதுக்குள்ள தேடி வந்து தோள்ல தட்டி எண்ணிக் குடுத்துட்டுத்தான் அங்கிட்டுப் போவாவ. ஒரு நாள் பர்ஸ விட்டுட்டு ஏறிட்டேன், பத்தமடை தாண்டித்தான் கவனிச்சேன், பயந்து போய்ச் சொன்னா ஏசவே இல்ல, அவிய பையில இருந்தே காச எடுத்து டிக்கெட் கிழிச்சுத் தந்துட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னவே பண்ணுவன்னு கேட்டாவ. ஆபீசுல சேந்து ரெண்டு மாசம் கழிச்சுதான் அந்த மனுசன் பெத்த பிள்ளதான் நீங்கன்னு தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கா, அன்னைக்கு நான் குதிச்ச குதிக்கு ஆடிட்டர் சார் ரூம்ல இருந்து எட்டிப் பாத்தாரு.

போன மாசங்கூட நீங்க கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டியன்னு பேப்பர்ல சுத்தி மஞ்சப்பையில போட்டு வீரவநல்லூர்ல இருந்து கொண்டு வந்தாவ. நீங்க பேங்குக்குப் போயிருந்திய. கீழ கடைக்குக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுத்தேன், துட்டு குடுக்க என்னைய விடல. மீதி வாங்குன நோட்ட நீளவாக்குல மடிச்சு வெரலுக்கு நடுவுல சொருகிக்கிட்டாவ, ரிட்டயர் ஆயி இத்தன வருசத்துக்கு அப்புறமும். எம்பிள்ள மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடுதாளா, இல்ல கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே இருக்காளான்னு கேட்டாவக்கா. சாப்பிடுதாவன்னு பொய் சொல்லி வச்சேன். இத ஒங்ககிட்ட சொல்லணும்னு நேத்தெல்லாம் மனசுல கெடந்து உருண்டுச்சு.

ஆபீஸ் பத்தி நெனக்கவே வேணாம். 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டன் ஒங்க பார்ட்டி எல்லாத்துக்கும் நானே போட்டுருதேன், பில்லு வராதவங்களுக்கு போன் போட்டாச்சு. பாஸ்வேர்டு எழுதி வச்ச டைரி ஒங்க டிராயர்லதான் இருக்கு, சார்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். பதினாறு முடிஞ்சு வந்தாப் போதும்னு சாரே சொல்லிட்டாரு.

இன்னொண்ணு, இத இப்பப் பேசுதேன்னு தப்பா எடுத்துக்காதிய. வீட்டுல வச்சே போனதால பேரூராட்சியில நம்மதான் போய்ப் பதியணும், 21 நாளுக்குள்ளன்னா காசு கெடையாது. இத அண்ணன்கிட்ட விட்டுருங்க, நீங்க அலைய வேணாம். ஆனா அப்பா பேரு, இனிசியல், அம்மா பேரு மூணும் பென்சன் புக்குல இருக்க மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்கச் சொல்லுங்க. எங்கப்பா போனப்ப நாங்க இருந்த இருப்புல யாரும் அதப் பாக்கல, இனிசியல் ஒண்ணு மாறி, எங்கம்மா பென்சனுக்கு நாலு மாசம் நடையா நடந்தா. கூட ஆள் வேணும்னா அண்ணனுக்கு நான் வாரேன்.

அம்மா நேத்து தண்ணி கூடக் குடிக்காம செவுத்துல சாஞ்சே இருந்தாவ. சுகர் மாத்திர போடுதவங்கல்லா, ரெண்டு இட்லியாது வாயில வச்சுட்டு மாத்திரயக் குடுங்க. நீங்களும் சாப்பிடுங்கக்கா.

நாளைக்கு மத்தியானம் எங்கம்மா சோறும் ரசமும் பருப்புத் தொவையலும் ஆக்கித் தாரேன்னுட்டா, பத்து பேருக்குக் காணும். தூக்குச்சட்டிய வச்சுட்டு வந்துருதேன், கழுவித் தரணும்னு யாரும் மெனக்கெட வேணாம், நானே அடுத்து வாரப்ப எடுத்துக்கிடுதேன். நாளைக்கும் சொல்லாமத்தான் கெளம்புவேன்.